புதுப்பிப்பு: எண்ணூர் கழிமுகப் போஸ்டர்

முன்பு நான் இங்கே கேட்டது: "எண்ணூர் உப்புத்தன்மை வேலை மொத்தமும் ஒரு ஏ1 போஸ்டரில் எப்படி அடங்கும்?"

வந்த பதில்களில் ராயபுரம் அக்கா சொன்ன சோதனைதான் கைகொடுத்தது: போஸ்டரை அப்படியே ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்ப்பது. 24 பாயின்ட் எழுத்து அதில் சுமார் எட்டரையாகச் சுருங்கும். கையில் பிடித்தே படிக்க முடியாததை, சுவரில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று யாரும் படிக்கப்போவதில்லை. முதலில் மங்கியது வரைபடத்தின் நிறக்குறிப்புப் பெட்டி. அதை எடுத்துவிட்டு, கோடுகளின் முனையிலேயே "முகத்துவாரம்", "உள்பகுதி" என்று எழுதினேன், இடமும் மிச்சம்.

"படத்தைப் பெரிசாக்கினால் போதும்" என்று இன்னொரு அண்ணன் சொன்னது பாதி சரி. ஸ்கிரீன்ஷாட்டை இழுத்தால் பிசிறடிக்கும். வரைந்த மென்பொருளிலிருந்தே பிடிஎஃப்பாக எடுத்தால் கோடு கூர்மையாக நிற்கிறது.

செய்முறைப் பகுதியை எவ்வளவு வெட்டலாம் என்பதில் மேடமும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.