மழை ஜாக்கெட்டைத் துவைத்தேன், இப்போது தண்ணீர் இறங்குகிறது. அவசரம்!

பாலக்கோட்டுக்காரன்: கிளாஸ்கோ வந்து 3 வாரம். மழை ஜாக்கெட்டைத் துண்டு, ஜீன்ஸோடு மெஷினில் போட்டுவிட்டேன். நேற்று மழையில் தோள் ரெண்டும் ஈரம். நாளை காலை 6 மணிக்கு வேலைக்குப் போகணும். போச்சா?

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: தம்பி, குடையை மட்டும் நம்பாதே. என் முதல் மாதத்திலேயே காற்றில் 3 குடை கம்பி வேறு, துணி வேறாகப் போச்சு.

பென்னாகரம்: ரெயின்கோட்டை யாராவது துவைப்பார்களா? ஒகேனக்கல் பரிசலுக்கு வாங்கியதை உதறிக் கொடியில் போடுவேன், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் அக்கா: அது பிளாஸ்டிக் கோட்டு, அண்ணா. துணி ஜாக்கெட்டைத் துவைக்காவிட்டால் வியர்வையும் எண்ணெயும் ஏறியே கெடும். தம்பி, சாஃப்ட்னர் ஊற்றினாயா?

பாலக்கோட்டுக்காரன்: பவுடரும் போட்டேன், சாஃப்ட்னரும் ஊற்றினேன் அக்கா. வாசனை நல்லா இருந்தது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: எங்கள் வீட்டு ஓனர் ஹீட்டர் மேல் ஒரு சாக்ஸ் காயப்போட்டாலே சண்டைக்கு வருவார். ஊரில் மொட்டை மாடியில் போட்டால் அரை மணி நேரம்!

பென்னாகரம்: இங்கே கீழே இருக்கிற டிரையர் காசை விழுங்கும், துணி காயாது.

ஓசூர்: சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். முதலில் தோளில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பார். முத்து முத்தாக உருளாமல் துணி கருத்து உறிஞ்சினால், போனது மேல்பூச்சின் வேலை மட்டும்தான். உள்ளே இருக்கும் சவ்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெளித்துணி ஊறினால் வியர்வை வெளியேறாது. அந்த ஈரத்தையும் மழை இறங்கிவிட்டதென்று நினைப்போம்.

பவுடரும் சாஃப்ட்னரும் துணியில் படிந்திருக்கும், அதனால் இன்றிரவே திரும்பத் துவை, தனியாக. மெஷினில் சோப்புப் போடும் டிராயரில் ஒட்டியிருக்கும் பழைய பவுடரையும் சாஃப்ட்னரையும் முதலில் கழுவிவிடு. ஜிப்பை எல்லாம் மூடி, 30 டிகிரி, கொஞ்சமாக லிக்விட் சோப். அலசல் 2 தடவை. ஸ்பின்னைக் குறை. தண்ணீர் புகாத துணி நீரைத் தேக்கிக்கொண்டு மெஷினையே ஆட வைக்கும்.

காய்ந்த பிறகு லேபிளைப் பார். சதுரத்துக்குள் வட்டம், நடுவில் ஒரு புள்ளி இருந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். அந்தச் சூட்டில்தான் மேல்பூச்சு மறுபடி வேலை செய்யும். அந்த வட்டத்தில் குறுக்குக்கோடு போட்டிருந்தால் டிரையர் வேண்டாம். அப்புறம் மறுபடி ஸ்பூன் தண்ணீர். அப்போதும் உறிஞ்சினால் கடையில் நீர்விலக்கி ஸ்பிரே வாங்கி, சுத்தமான துணியில் அடி.

காவேரிப்பட்டணம் அக்கா: எனக்கு ஸ்பிரே 2 மாதம்கூட நிற்கவில்லை.

ஓசூர்: பை மாட்டும் தோளில் சீக்கிரம் தேயும் அக்கா. உள்பக்கம் வெள்ளையாக உரிகிறதா, தம்பி? அப்படியென்றால் எந்த ஸ்பிரேயும் உதவாது.

பாலக்கோட்டுக்காரன்: உரியவில்லை அண்ணா. லேபிளில் ஒரு புள்ளி இருக்கிறது. ஆனால் பெல்ட் போடும் இடத்தில் மட்டும் துணி நூல் நூலாக நிற்கிறது. மெஷினின் சோப்பு டிராயரைக் கழற்றிவிட்டேன், அடியில் நீலப் பசை விரல் கனத்துக்கு இருக்கிறது.