புதுப்பிப்பு: தம்பி விசாவுக்கான பேலன்ஸ் சர்டிபிகேட்

முன்பு கேட்டது: "தம்பிக்கு பிரிட்டன் மாணவர் விசா. அப்பா கணக்குக்கு பேங்க்ல பேலன்ஸ் சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. இது போதுமா?"

போதாதுங்க. முன்பு கேட்டப்போ ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் அண்ணா இங்க சொன்ன பதில்தான் சரி. பேங்க் முதல்ல கொடுத்த சர்டிபிகேட்ல ஜூன் 30 இருப்பு மட்டும் இருந்துச்சு. பணம் தொடர்ந்து 28 நாள் குறையாம இருந்ததுன்னு காட்டணும். அந்த 28-வது நாள் விண்ணப்பத்துக்கு முந்தின 31 நாளுக்குள்ள வரணும். ஜூலை 10-ல விண்ணப்பிக்கிறோம். அதனால "ஜூன் 3 முதல் 30 வரை இருப்பு இந்தத் தொகைக்குக் கீழே போகவில்லை"ன்னு புதுசா எழுதி வாங்கினேன்.

"ஸ்டேட்மென்டே போதும்"னு ஒருத்தர் சொன்னாரு. ஏத்துக்குவாங்கதான், ஆனா எங்க கையில இருந்தது மே 31-லயே முடியுது. 40 நாள் பழசு.

பழைய தாள்ல வட்ட சீல் மேல ஒரு கிறுக்கல் மட்டும்தான், யார் போட்டாங்கன்னே தெரியல. இப்போ பெயர், பதவி, ஊழியர் எண் மூணும் கையெழுத்துக்குக் கீழே இருக்கு.

டெண்டருக்கும் இதே சர்டிபிகேட் போதுமான்னு கேட்ட அக்கா, உங்களுக்கு வேண்டியது சால்வென்சி சர்டிபிகேட்டா இருக்கும், அதாவது இவ்வளவு தொகைக்கு உங்களுக்கு நிதி வலு இருக்குன்னு பேங்க் கொடுக்கிற சான்று. டெண்டர் வாசகத்தைப் பாருங்க, இருப்புச் சான்று அதுக்கு ஈடாகாது.

இது அப்பாவும் பாட்டியும் சேர்ந்த கணக்கு. அப்பாவோட சம்மதக் கடிதமும் தம்பி பிறப்புச் சான்றும் வச்சாச்சு. பாட்டி கடிதமும் வேணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.