அறுபது நாள் குட்டி என்று சொல்லி விற்றார்கள்

வெண்மதி: சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டியில், ஒரே கூண்டுக்குள் மூன்று வெவ்வேறு இனக் குட்டிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தவரிடம் லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினேன். அறுபது நாள் ஆகிவிட்டது என்றும், தடுப்பூசி போட்டாயிற்று என்றும் சொல்லி ஓர் அட்டையையும் கொடுத்தார். நான்காம் நாள் குட்டி உணவை மறுத்தது. இரவுக்குள் வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்கின. கால்நடை மருத்துவர் மலத்தைச் சோதித்துப் பார்வோ வைரஸ் நோய் என்றார். பிறகு வாயைத் திறந்து பார்த்து, முன்பற்களே இப்போதுதான் முளைத்திருக்கின்றன, கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறுதான், ஆகவே இதற்கு ஐந்து வாரத்திற்கு மேல் இராது என்றார். குளுக்கோஸ் ஏற்றியும் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. தடுப்பூசி போட்டும் நோய் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழைய கம்பவுண்டர்: கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. அந்த ஊசி உண்மையாகவே போடப்பட்டிருந்தாலும் பயன்பட்டிருக்காது. சீம்பாலின் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அது நோய்க்கிருமியைப் போலவே தடுப்பூசியையும் முறியடித்துவிடும். அந்தச் சக்தி நாளுக்கு நாள் குறைந்து, நோயைத் தடுக்கப் போதாமலும் ஊசியை மட்டும் கெடுக்கும் அளவிலும் நிற்கிற சில நாட்கள் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. அந்த நாட்கள் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை ஊசி போடுகிறோம். சாலையோர வியாபாரியோ, சரியாக அந்த ஆபத்தான வயதில்தான் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பல இடங்களிலிருந்து வந்தவற்றோடு ஒரே கூண்டில் அடைக்கிறார். பார்வோ தொற்றினால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளாகும். உங்கள் கணக்கும் அதற்குப் பொருந்துகிறது.

எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் இருபத்தெட்டும் ஏறக்குறைய முளைத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, இப்போதைக்கு வேறு குட்டி வேண்டாம். அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும், சாதாரணத் தரை கழுவும் திரவத்திற்கு அசையாது. தரையை நன்றாகக் கழுவிய பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விடலாம். தோட்டத்து மண்ணுக்கு அதுவும் உதவாது.

செழியன்: பதிவுச் சான்றிதழ் கேட்டு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. என்னுடையது சான்றிதழோடு வந்தது, நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய கம்பவுண்டர்: சான்றிதழ் பெற்றோர் யார் என்று சொல்லும், ஐயா. அவற்றின் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்றோ, தாய் எத்தனை முறை ஈன்றது என்றோ சொல்லாது. ஒவ்வொரு பருவத்திற்கும் தாயைச் சினைப்படுத்திக் கூண்டிலேயே வைத்திருப்பவரும் பதிவு செய்யலாம்.

மாலன்: என் ஆறு மாத நாய்க்கும் பேதியாகிறது. தயிர்ச்சோறு கொடுக்கலாமா?

பழைய கம்பவுண்டர்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதிலும் பார்வோ வரும்.

யாழினி: நானும் ஒருமுறை கூண்டில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து வாங்கினேன். அது பிழைத்தது. ஆனால் மறுவாரமே அதே கூண்டில் வேறொரு குட்டி இருந்ததைப் பார்த்தபோது, என் பணம்தான் அதைக் கொண்டுவந்தது என்று தோன்றியது. விட்டுவந்திருந்தால் என்னுடையது செத்திருக்கும் என்பதும் உண்மைதான். இன்றுவரை இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

தேன்மொழி: நான் இரண்டு வளர்ப்பாளர்களிடம் போய்ப் பார்த்தேன். முதலாமவர் வரவேற்பறையில் ஒரு நாயைக் காட்டி இதுதான் தாய் என்றார். ஆனால் அதன் மடி வற்றித் தட்டையாக இருந்தது, குட்டிகளும் அதனிடம் போகவில்லை. ஐந்து வாரக் குட்டிகளின் தாய்க்கு முலைக்காம்புகள் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாமா? ஈன்ற இடத்தைக் காட்டச் சொன்னேன். கதவைத் திறக்க மறுத்தார்.

இரண்டாமவர் குட்டியைக் காட்டும் முன்பே, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று தொடங்கி என்னை ஒரு மணி நேரம் விசாரித்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. தாய் குட்டிகளோடு வீட்டுக்குள்ளேயே இருந்தது. தந்தை வேறு ஒருவருடைய நாய் என்பதால் அங்கே இல்லை, அது வழக்கம்தானாம். வளர்ச்சி முடிந்த பின் இரண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே மதிப்பீட்டைக் காட்டினார். எட்டு வாரத்திற்கு முன் தரமாட்டேன் என்றும், எந்த வயதிலும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் நாயை என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அடுத்த ஈற்றுக்குத்தான் எனக்கு முறை வரும் என்பதால் இப்போது காத்திருக்கிறேன்.

வெண்மதி: எனக்குக் காட்டிய அட்டையை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் இல்லை, மருத்துவரின் கையெழுத்தும் இல்லை. வெறும் தேதி மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.