அடுத்த பருவத்தில் எடுக்க வேண்டிய சராசரிக்கு ஒரு சொல்

கயல்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

மாணவர்களுக்கான கணக்கிடும் பக்கம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல் மட்டும் இடிக்கிறது.

இதுவரை எடுத்த மொத்தச் சராசரி, முடித்த கிரெடிட், அடுத்த பருவத்தின் கிரெடிட், உதவித்தொகைக்கான வரம்பு ஆகியவற்றை மாணவர் உள்ளிடுவார். வரம்பை எட்ட அடுத்த பருவத்தில் எவ்வளவு சராசரி எடுக்க வேண்டும் என்று பக்கம் சொல்லும். அந்த விடைக்குத்தான் பெயர் தேவை. 'இலக்குச் சராசரி' என்று வைத்திருந்தேன். சரிபார்த்தவர் அதை வரம்பு என்றே படித்துவிட்டார்.

பக்கத்தில் வரும் எடுத்துக்காட்டு: 88 கிரெடிட் முடிந்தது, மொத்தச் சராசரி 7.86, வரம்பு 8.00, அடுத்த பருவம் 18 கிரெடிட். பெட்டி சிறியது, நீளமான சொல் அடங்காது.

முருகேசன் எழுதியது:

'வேண்டிய சராசரி' போதுமே. படித்தவுடன் புரியும்.

கணக்கும் எளிதுதான். நான்கு பருவம் முடிந்திருக்கும். ஐந்து பருவத்துக்கு எட்டு வீதம் 40. இதுவரை 7.86 வீதம் 31.44. கழித்தால் 8.56. அவ்வளவுதான்.

தமிழரசன் எழுதியது:

'வேண்டிய' வேண்டாம். 'அவர் எனக்கு வேண்டியவர்' என்றால் நெருக்கமானவர் என்று பொருள். தவிர, வடிவத்தில் அது இறந்தகாலப் பெயரெச்சம், வரப்போகும் பருவத்துக்கு ஒட்டவில்லை. வினைத்தொகையாக்கி 'வேண்டுசராசரி' எனலாம். காலம் கரந்த பெயரெச்சம் ஆகையால் எந்தப் பருவத்துக்கும் பொருந்தும். வல்லினமும் மிகாது, பெட்டியில் ஓர் எழுத்து மிச்சம்.

ஆனால் என் மனக்குறை 'சராசரி'யிலேயே இருக்கிறது. அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். நமக்கு 'நிரவல்' இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிலத்தை நிரவுகிறோம் அல்லவா, சராசரி காண்பதும் அதே வேலைதான். இசையில் நிரவல் என்று ஒரு வரியை எடுத்துப் பரப்பிப் பாடுவதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். நிரத்தல், நிரை, நிரல் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. 'நிரல்' ஏற்கெனவே கணினித் தமிழில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது, அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

வசந்தா எழுதியது:

சொல்லுக்கு முன் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். முருகேசன் சார், உங்கள் 8.56-ஐ நம்பிப் படிக்கிற பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காது. முடித்த நான்கு பருவமும் சேர்ந்து 88 கிரெடிட், பருவத்துக்கு 22 வீதம். வரப்போவது 18தான். சிறிய பருவத்துக்கு இழுவை குறைவு. 8.56 எடுத்தால் மொத்தம் 7.98-இல் நின்றுவிடும்.

தமிழரசன் ஐயா சொன்ன பள்ளத்தையே எடுத்துக்கொள்கிறேன், வகுப்பில் சொல்ல அது நன்றாக உதவும். 7.86-ஐ 88-ஆல் பெருக்கினால் 691.68 வரும். தரப்புள்ளியும் கிரெடிட்டும் முழு எண்களாக இருந்தால் மொத்தப் புள்ளி பின்னத்தில் இருக்க முடியாது. ஆக உண்மையான மொத்தம் 692. எட்டு வீதம் இருந்திருந்தால் 704. பள்ளம் 12 புள்ளி. அந்தப் பன்னிரண்டை வரும் 18 கிரெடிட்டில் பரப்பினால், ஒவ்வொரு கிரெடிட்டும் எட்டுக்கு மேலே மூன்றில் இரண்டு பங்கு உயர வேண்டும்.

```
(8.00 × 106 − 692) ÷ 18 = 8.67
```

இந்த விடையை எப்போதும் மேல்நோக்கித்தான் முழுதாக்க வேண்டும். 8.66 என்று காட்டினால் பொய்யாகிவிடும்.

கயல்விழி, ஒன்று கேட்க வேண்டும். விதியில் '8.00-க்குக் குறையாமல்' என்று இருக்கிறதா, '8.00-க்கு மேல்' என்று இருக்கிறதா? முதலாவது என்றால் அந்தப் பருவத்தில் 156 புள்ளி போதும். இரண்டாவது என்றால் 157. மூன்று பாடம் 4 கிரெடிட், இரண்டு பாடம் 3 கிரெடிட் என்று வையுங்கள். எல்லாவற்றிலும் ஒன்பது எடுத்தால் 162. ஒரு 4 கிரெடிட் பாடத்தில் எட்டுக்கு இறங்கினால் 158, இரண்டு விதிக்கும் தப்பிக்கலாம். இரண்டு 3 கிரெடிட் பாடத்திலும் எட்டுக்கு இறங்கினால் 156, சரியாக 8.00. 'மேல்' என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பணம் இல்லை. சொல்லைவிட இந்த 'மேல்' எனக்குக் கவலை தருகிறது.

கயல்விழி எழுதியது:

மூலத்தைத் திரும்பப் படித்தேன் அம்மா. தலைப்பில் 'மேல்', விதியில் 'குறையாமல்'. விதியையே பின்பற்றித் தலைப்பையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அருண் எழுதியது:

வணக்கம், நான் மாணவன். என் மொத்தச் சராசரியும் ஏறக்குறைய இதேதான். ஆனால் ஐந்து வாங்கிய ஒரு 4 கிரெடிட் பாடத்தை மறுபடி எழுதப்போகிறேன். எட்டு வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் எனக்கு என்ன காட்டும்? அதையும் அடுத்த பருவக் கிரெடிட்டில் சேர்த்து 22 என்று போடலாமா?

வசந்தா எழுதியது:

சேர்க்கக் கூடாது, தம்பி. உங்கள் நிறுவனம் பழைய தரத்தை நீக்கிப் புதியதை வைத்தால், கிரெடிட் 88 அப்படியே இருக்கும், புள்ளி மட்டும் மூன்று நான்காகப் பன்னிரண்டு கூடும். எடுத்துக்காட்டில் உள்ள பள்ளம் முழுவதும் அதிலேயே தூர்ந்துவிடும். புதுப் பாடங்களில் எட்டு வீதம் எடுத்தாலே போதும். இரண்டு முயற்சியையும் கணக்கில் வைக்கிற நிறுவனமாக இருந்தால் 22 என்று போடுவதுதான் சரி. தேர்வு விதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முருகேசன் எழுதியது:

எல்லாப் பருவமும் ஒரே கிரெடிட் என்றால் என் கணக்கும் சரியாகத்தானே வரும்? அது போகட்டும். 'வேண்டுசராசரி' என்றால் ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி இருக்கிறது. 'எட்டுசராசரி' என்றாலும் வினைத்தொகைதானே, எட்டிப் பிடிக்கும் சராசரி?

தமிழரசன் எழுதியது:

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் வரம்பே எட்டாக இருக்கும்போது, 'எட்டுசராசரி 8.67' என்று பார்ப்பவர் திகைத்துப்போவார். 'வேண்டுநிரவல்' என்றே என் வாக்கு. வசந்தா அம்மா பள்ளம் தூர்த்துக் காட்டியபோது கணக்கு எவ்வளவு தெளிவாக விளங்கியது! 'நிரவல்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தக் கணக்கு இருக்கிறது. 'சராசரி' அதைச் சொல்லாது.

வசந்தா எழுதியது:

கரும்பலகையில் 'நிரவல்' எழுதி விளக்க எனக்குச் சம்மதம். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தைத் திறக்கும் பிள்ளைக்கு விளக்க யார் இருப்பார்கள்? 'தேவைச் சராசரி' என்று போடுங்கள். அப்புறம், விடை பத்தைத் தாண்டினால் எண்ணைக் காட்ட வேண்டாம். இதே கிரெடிட்டில் 7.50 வைத்திருப்பவருக்கு 10.45 என்று வரும், அப்படி ஒரு தரமே கிடையாது. 'ஒரு பருவத்தில் எட்டாது' என்று எழுதி, அதற்கடுத்த பருவத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வழி கொடுங்கள்.

கயல்விழி எழுதியது:

இதுவரை தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'தேவைச் சராசரி' பக்கம்தான் ஆட்கள் அதிகம். அதையே போடுகிறேன். முருகேசன் சாரின் 'வேண்டிய சராசரி'யை விளக்க வரியில் வைத்துக்கொள்கிறேன்: 'அடுத்த பருவத்தில் நீங்கள் எடுக்க வேண்டிய சராசரி'. மறுதேர்வுக்குத் தனிப் பெட்டி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

தமிழரசன் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'தேவைச் சராசரி' என்றால் தேவைகளின் சராசரி என்றும் விரிக்கலாம், அது யார் கண்ணிலும் படவில்லையா? மறுதேர்வுப் பெட்டிக்குப் பெயர் வைக்கும்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள். 'மீள்தேர்வு' என்று வைத்துவிடாதீர்கள், அங்கே 'மீள்' பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.