பழைய வயரிங் வீட்டில் பவர்லைன் அடாப்டர்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடி வாசி
அப்பா கட்டிய பழைய வீடு. ரவுட்டர் முன் ஹாலில், நான் வேலை செய்வது பின் அறையில். இடையில் தடித்த சுவர்கள், வைஃபை எட்டாது. வீட்டு மின் வயர் வழியே நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர், பெட்டியில் 600 என்று போட்டது, ஒரு சோடி வாங்கினேன். பின் அறையில் 14 எம்பிபிஎஸ்தான் வந்தது. இரண்டையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் போட்டால் 90. அதற்கு மேல் போகாது, அடாப்டரின் லேன் போர்ட்டே 100தான்.

பின் அறையில் அடாப்டர் சர்ஜ் பாதுகாப்புள்ள மல்டி பிளக்கில் இருந்தது. சுவர் பிளக்கில் நேரே போட்டதும் 38 ஆனது. பக்கத்தில் இருந்த மலிவான போன் சார்ஜரைக் கழற்ற 45. இனி 1200 மொடலுக்கு மாறினால் கூடுமா?

அக்கரைப்பற்று ரியாஸ்
மாறுங்க காக்கா. 1200 எர்த் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தும், இரட்டிப்பு நிச்சயம். என் புது வீட்டில் 200 தாண்டுது.

காரைதீவு ராணி
எங்கள் வீட்டிலும் இரவில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றும், நெட்டும் இழுக்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகுமா?

கல்முனை வயரிங்
ரியாஸ் தம்பி சொன்னது புது வீட்டுக்குச் சரி. பழைய உருண்டை ஊசிப் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் பல வீடுகளில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அப்போது 1200ம் இரண்டு கம்பியில்தான் ஓடும். அது கூடுதலாக எடுக்கும் உயர் அலைவரிசையும் நீண்ட வயரில் தேய்ந்து போகும். தூரத்தைச் சுவரில் அளக்காதீர்கள். ஹாலும் பின் அறையும் வேறு வேறு சர்க்கிட் என்றால் சிக்னல் மெயின் போர்ட் வரை போய்த் திரும்ப வேண்டும். இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஜொயின்ட் ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும்.

ராணி அக்கா, வோல்டேஜ் இறங்குவதால் அடாப்டர் வேகம் குறைவதாக நான் காணவில்லை. இரவில் எரியும் மலிவான எல்ஈடி பல்புகளின் இரைச்சலாக இருக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்து வேகத்தைப் பாருங்கள். ரவுட்டரிலேயே லேன் போட்டும் பாருங்கள், அங்கேயும் இழுத்தால் குறை இன்டர்நெட் லைனில்.

கல்லடி வாசி
எலக்ட்ரீஷியன் மெயினை ஆஃப் பண்ணித் திறந்து பார்த்தார். பின் அறையில் எர்த் இல்லை.

கல்முனை வயரிங்
எர்த் இழுப்பது உயிர்ப் பாதுகாப்புக்கே அவசியம், தள்ளிப் போட வேண்டாம். அதே ஆளைக் கொண்டு லேன் கேபிளையும் இழுத்துவிட்டால் 1200 வாங்கும் செலவு மிச்சம். 230 வோல்ட் கம்பி போகும் கேசிங்கில் மட்டும் அதைப் போடக் கூடாது, தனி கேசிங் வேண்டும்.

ஏறாவூர் ஆசிரியர்
கூரையில் சோலார் போட்ட பிறகு எங்கள் வீட்டில் பகலில் 60 இருந்தது 20 ஆகிவிட்டது. இன்வேட்டரை நிறுத்தினால் பழையபடி வருகிறது. யாராவது ஃபில்டர் வைத்துப் பார்த்தீர்களா?