தத்தெடுப்புப் பதிவு: வயதுக்கணக்கில் ஒரு வருட இழுபறி, உதவி தேவை

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு தம்பதிக்காகக் கேட்கிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறார்கள்.

2022 விதிமுறைப்படி, அந்த வயதுக் குழந்தைக்குக் கணவன் மனைவி வயதுகளின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தை என்றால் 90 வரை போகலாம். பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. ஒரு வருடம் தள்ளிப்போனால் கூட்டுத்தொகை இரண்டு ஏறிவிடும்.

கணவருக்கு 46 முடிந்துவிட்டது. மனைவியின் ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள், அதன்படி 40. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் நவம்பர் 20, அதன்படி இன்னும் 39. ஆதார்படி 86, சான்றிதழ்படி 85. சான்றிதழ்படி போனாலும் நவம்பர் 20-க்கு முன் பதிவாக வேண்டும்.

குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 25 வயது இடைவெளி வேண்டும் என்பது தனிக்கணக்கு; கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும், 30 வயது அம்மாவுக்கு 6 வயதுக் குழந்தை கிடைக்காது. இவர்களுக்கு அதில் சிக்கலில்லை.

திருவாரூர், தஞ்சை, நாகை பக்கம் பதிவு செய்தவர்கள் சொல்லுங்கள்: பிறந்த தேதி முரண்பட்டால் மதிப்பெண் சான்றிதழை ஏற்றார்களா, ஆதாரைத் திருத்திவரச் சொன்னார்களா? திருத்தம் கைக்கு வர எத்தனை நாள் ஆனது? உறவினர் குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை வரம்பு கிடையாது; ஆகவே நிறுவனம் வழியாகத் தத்தெடுத்தவர்களின் பதில்தான் வேண்டும்.