ஒரு குடும்பத்தின் விலையேற்றம்: என்ன சொல் வைக்கலாம்?

செல்வி:
வணக்கம். மகளிர் குழுக்களுக்காக ஒரு வரவு செலவுக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு மாதாமாதம் அறிவிக்கும் பணவீக்கம் ஒன்று; ஒரு குடும்பம் தன் கணக்கில் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ஹவுஸ்ஹோல்டு இன்ஃபிளேஷன் என்கிறார்கள். இப்போதைக்கு ‘வீட்டு விலையேற்றம்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

கபிலன்:
‘வீட்டு விலையேற்றம்’ என்றால் மனை, பிளாட் விலை கூடியதாகத்தான் படிப்பார்கள். ‘குடும்பச் செலவேற்றம்’ என்று வையுங்கள். எங்கள் வீட்டில் போன வருடம் மாதம் 40,000 ரூபாய் ஆனது, இப்போது 46,000. ஆக, எங்கள் ஏற்றம் 15 சதவீதம். அரசு சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இராமநாதன்:
முதல் பாதி சரி, கபிலன். ஆனால் செலவு கூடியதெல்லாம் விலை கூடியதால் அல்ல. அரசு விலைவாசியை அளக்கும் குறியீட்டெண்ணின் கூடை என்பது, போன வருடம் வாங்கிய அதே பொருள்களை அதே அளவில் இன்று வாங்கினால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விதான். உங்கள் கணக்கைப் பிரித்து எழுதுங்களேன், பார்க்கலாம்.

கபிலன்:
போன வருடம்: மளிகை, காய்கறி, பால் 14,000, வாடகை 9,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 8,000, பெட்ரோலும் கேஸும் 4,000, மற்றவை 5,000. இந்த வருடம் வாடகை 9,900, பள்ளி 8,960. பெட்ரோல், கேஸ் விலை அப்படியே. மளிகை விலை 3 சதவீதம் கூடியிருக்கும், மற்றவை 4. பெரியவளுக்குப் புதிதாக டியூஷன் சேர்த்திருக்கிறோம், வேனும் வைத்திருக்கிறோம்.

இராமநாதன்:
அந்த டியூஷனையும் வேனையும் தனியே வையுங்கள்; அவை போன வருடக் கூடையில் இல்லை. மீதியை இன்றைய விலைக்குக் கூட்டினால் 14,420 + 9,900 + 8,960 + 4,000 + 5,200 = 42,480. அதாவது 6.2 சதவீதம். மிச்சம் 3,520 ரூபாய் நீங்கள் கூடுதலாக வாங்கியதற்கு. அதனால்தான் ‘செலவேற்றம்’ வேண்டாம் என்கிறேன்.

இந்த 6.2 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் செலவில் பள்ளிக் கட்டணம் ஐந்தில் ஒரு பங்கு. அது 12 சதவீதம் ஏறியதால், அது மட்டுமே உங்கள் வீதத்தில் 2.4 புள்ளி. இந்திய அரசின், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டெண் தொடரில், நகர்ப்புறக் கூடையில் கல்விக்கு இருந்த பங்கு 5.62 சதவீதம்தான். அதே 12 சதவீத ஏற்றம் அங்கே 0.7 புள்ளிகூட வராது. கடையில் விலை ஒன்றுதான், பங்குதான் வேறு.

மரியா:
அப்படியானால் வீட்டுக் கடன் தவணை? எங்களுக்கு வாடகை கிடையாது. வட்டி ஏறி, தவணை இரண்டாயிரம் ரூபாய் கூடிவிட்டது. கூடையில் இதைச் சேர்க்காமல் என்ன குறியீட்டெண்?

இராமநாதன்:
கையைக் கடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வீடு வாங்குவதை முதலீடாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தவணை கூடையில் வராது. நகரத்தில் சொந்த வீட்டுக்காரர்களுக்கு, அந்த வீட்டுக்கு என்ன வாடகை வரும் என்று மதிப்பிட்டு அதைத்தான் வைத்தார்கள். 2012 தொடரில் கிராமப்புறக் கூடையில் வீட்டு வாடகையே இல்லை.

மரியா:
எங்களைப் போன்றவர்களுக்கு இது போதாது. கையேட்டில் தவணைக்குத் தனி வரி போடுங்கள் செல்வி.

தர்ஷினி:
கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் குறியீட்டெண் என்று சொல்லுறதில்லை; ‘கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்’ என்றுதான் வரும். ‘சுட்டெண்’ சின்னச் சொல், ‘குடும்பச் சுட்டெண்’ என்று சேர்க்கவும் லேசு. ஒரு கேள்வி: அரசின் கூடையில ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பங்கு, எல்லாக் குடும்பங்களின்ர சராசரிதானே?

இராமநாதன்:
இல்லை அம்மா, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களும் செலவழித்த ரூபாயை ஒன்றாகக் கொட்டி, அதில் அரிசிக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். மாதம் ஒரு லட்சம் செலவழிக்கும் வீடு, பத்தாயிரம் செலவழிக்கும் வீட்டைப் போல் பத்து மடங்கு கணக்கில் ஏறும். ஆகவே அரிசியும் எண்ணெயும் ஏறும் வருடத்தில் ஏழை வீட்டின் வீதம் அறிவித்த எண்ணைத் தாண்டும். மகளிர் குழுவுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

செல்வி:
சரி, ‘குடும்ப விலையேற்ற வீதம்’ என்று வைக்கிறேன். கூடையில் ஒரு பொருளுக்கு உள்ள பங்கை ஆங்கிலத்தில் ‘வெயிட்’ என்கிறார்கள்; அதற்கு ‘எடை’ போட்டால் கிலோ என்று நினைப்பார்கள். ‘செலவுப் பங்கு’ போதும்.

கபிலன்:
தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர் எந்தக் குடும்பம்? அவருக்கும் இந்த வீதம் உண்டே.

தர்ஷினி:
அதுதான் நான் ‘தன் விலையேற்றம்’ என்று கேட்க நினைச்சது.

இராமநாதன்:
அது விலை தானாக ஏறுவது போல் ஒலிக்கிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கையேட்டில் ‘குடும்ப’ இருக்கட்டும். ஆனால் செல்வி, கணக்குப் போடும் பக்கத்தில் போன வருடச் செலவுப் பட்டியலை முதலில் எழுதச் சொல்லுங்கள். இந்த வருடப் பட்டியலிலிருந்து தொடங்கினால் டியூஷன் மறுபடி உள்ளே வந்துவிடும்.